முதல்ல டேப்பு, அப்புறம்தான் ரம்பம்!
தெருமுனை மரப்பட்டறைக்கு அரை நிமிட வானொலி விளம்பரம் எழுதுவது எப்படி?

வீட்டுக்குக் கட்டில், பீரோ, அலமாரி செய்து தரும் மரப்பட்டறை எல்லா ஊரிலும் உண்டு. இரண்டு ஆசாரிகள், ஒரு பையன், தகரக் கூரை, வாசலில் சாய்த்து வைத்த பலகைகள். வாய்வழியாகவே ஆர்டர் வந்துகொண்டிருந்த பட்டறைக்காரருக்கு ஒரு நாள் பக்கத்திலேயே பெரிய ஷோரூம் ஒன்று முளைக்கிறது. நாமும் ரேடியோவில் சொன்னால் என்ன என்று அவர் யோசிக்கிறார். நிலையத்துக்குப் போன் செய்தால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை செகண்ட்?" என்பதுதான்.

வானொலியில் விளம்பர நேரத்தைப் பத்துப் பத்து வினாடியாகத்தான் விலை பேசுவார்கள். சின்னக் கடைகள் பெரும்பாலும் முப்பது வினாடி எடுக்கும். விலை முடிந்ததும் அடுத்த கேள்வி வரும்: "ஸ்கிரிப்ட் இருக்கா?" பட்டறைக்காரர் சட்டைப்பையிலிருந்து பழைய நோட்டீஸை எடுத்து நீட்டுவார். தவறு அங்கேதான் தொடங்குகிறது. அந்த நோட்டீஸை அப்படியே படித்தால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"தரமான தேக்கு, வேங்கை, ரப்பர் மரங்களால் ஆன கட்டில், பீரோ, சோபா, டைனிங் டேபிள், ஊஞ்சல், கதவு, ஜன்னல் மற்றும் அனைத்து வகையான மர வேலைகளும் குறைந்த விலையில் சிறந்த முறையில் செய்து தரப்படும். ஒருமுறை வருகை தாருங்கள். உங்கள் நல்லாதரவை நாடும்..." அதன் பிறகு கடைப் பெயர், கதவு எண், தெரு, பத்து இலக்க செல் நம்பர்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் கேட்டவருக்கு ஒன்றும் நிற்காது. நோட்டீஸைக் கையில் வைத்திருப்பவர் தனக்கு வேண்டிய வரிக்குக் கண்ணைக் கொண்டுபோகலாம், மறுபடியும் படிக்கலாம். ரேடியோ கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருப்பார், தோசை வார்த்துக்கொண்டிருப்பார், டீக்கடையில் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார். இத்தனை பெயரை வரிசையாகச் சொன்னால் அவர் காதில் அத்தனையும் ஒரே இரைச்சலாகத்தான் விழும். "குறைந்த விலை" என்பதை எல்லாக் கடையும் சொல்கிறது. "செய்து தரப்படும்" என்றால் செய்து தருவது யார் என்றே தெரியவில்லை.

முப்பது வினாடியில் எத்தனை சொல்?

எழுத உட்காரும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். ஆங்கில விளம்பரம் எழுதுகிறவர்கள் முப்பது வினாடிக்கு எழுபது, எழுபத்தைந்து சொல் வரை போவார்கள். தமிழில் அந்தக் கணக்கு செல்லாது. நம் மொழியில் ஒரு சொல்லின் வாலில் இன்னும் நாலைந்து சொல்லின் வேலை ஒட்டிக்கொண்டு வரும். "அளந்துட்டுத்தான்" என்பது காகிதத்தில் ஒரு சொல். வாயில் அது ஐந்து அசை. ஆகவே நிதானமாகப் பேசினால் தமிழில் முப்பது வினாடிக்கு ஐம்பது சொல் கொள்ளும். நடுவில் சத்தங்களும் ஒரு சின்ன மௌனமும் வேண்டும் என்றால் நாற்பத்தைந்து சொல்லோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மேலே உள்ள நோட்டீஸ் வாசகத்தில், கடைப் பெயருக்கு முன்பே முப்பது சொல் ஓடிவிட்டது. விலாசத்தையும் நம்பரையும் சேர்த்தால் முப்பது வினாடியும் நிரம்பிவிடும். நிலையத்தில் என்ன செய்வார்கள்? அறிவிப்பாளரை வேகமாகப் படிக்கச் சொல்வார்கள். மூச்சு விடாமல் படிக்கும் அந்த வேகத்தை நாம் தினமும் கேட்கிறோம். ஒரு சொல்லும் புரியாத அந்த அரை நிமிடத்துக்கும் முழுக் காசுதான் கட்ட வேண்டும்.

செல் நம்பர் இந்தக் கணக்கில் பெரிய நஷ்டம். பத்து இலக்கத்தைத் தெளிவாகச் சொல்ல நான்கைந்து வினாடி வேண்டும். வாங்கிய நேரத்தில் அது ஆறில் ஒரு பங்கு. கையில் பேனா இல்லாதவர் அதைக் குறித்துக்கொள்ளப் போவதில்லை. அக்கம்பக்கத்துப் பட்டறைக்கு நம்பரைவிட நல்ல முகவரி ஒன்று இருக்கிறது: ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம். ரயில்வே கேட், அரிசி மில், தண்ணீர்த் தொட்டி, மாரியம்மன் கோயில் என்று எதுவாகவும் இருக்கலாம்.

எதைச் சொல்வது, எதை விடுவது?

நாற்பத்தைந்து சொல்லுக்குள் ஒரே ஒரு சங்கதிதான் நுழையும். எந்தச் சங்கதி என்று முடிவு செய்வதுதான் எழுதுவதில் பாதி வேலை. பட்டறைக்காரரிடம் கேட்டால், "நல்ல மரம் போடுறோம், ஃபினிஷிங் நல்லா இருக்கும், விலையும் கம்மி" என்பார். எதிர்ப்பக்க ஷோரூம்காரரும் அதையேதான் சொல்வார். பட்டறையால் முடிந்து ஷோரூமால் முடியாதது எது என்று கேட்க வேண்டும்.

தெருமுனைப் பட்டறையில் அப்படி இரண்டு மூன்று வேலைகள் இருக்கின்றன. ஆடும் நாற்காலிக்குக் கால் மாற்றித் தருவார்கள். தாத்தா காலத்துத் தேக்குக் கட்டிலை இழைத்து பாலிஷ் போட்டுத் தருவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்கு வந்து அளவெடுத்து அந்த வீட்டுக்கென்றே செய்வார்கள். இந்த மூன்றும் மூன்று விளம்பரத்துக்கான விஷயம். ஒன்றில் மூன்றையும் திணித்தால் மூன்றும் போய்விடும். இங்கே நாம் அளவெடுத்துச் செய்வதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அளவு என்பது நம் வீடுகளில் நிஜமான தொல்லை. மாடிப்படி மூன்றடி அகலம்தான் இருக்கும். நடுவில் திரும்பும் இடத்தில் கைப்பிடிச் சுவர் வேறு. கடையில் பார்க்கும்போது பீரோ அழகாக நின்றது. படியில் ஏற்றும்போதுதான் அது திரும்பாது என்று தெரிகிறது. அனுபவமுள்ள ஆசாரி வீட்டுக்கு வந்ததும் பீரோ நிற்கப்போகும் சுவரை மட்டும் பார்க்க மாட்டார். வாசல் அகலம், படி திரும்பும் இடம், அறையின் உயரம் எல்லாவற்றையும் டேப் பிடித்துப் பார்ப்பார். முழுதாக ஏறாது என்று தெரிந்தால் இரண்டு பாகமாகச் செய்து, அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டித் தருவார். படுத்த நிலையில் உள்ளே போன பீரோவை நிமிர்த்தும்போது அதன் மூலை கூரையில் இடிக்குமா என்பதுகூட அவர் கணக்கில் இருக்கும்.

சொல்ல வேண்டிய விஷயம் கிடைத்துவிட்டது. இதை அறிவிப்பாளர் விளக்கிச் சொன்னால் மறுபடியும் நோட்டீஸ் வாசிப்பாகிவிடும். பீரோ படியில் மாட்டிக்கொண்ட அந்த நிமிடத்தையே காதுக்குக் கொடுத்துவிட்டால், விளக்கமே தேவைப்படாது.

ஸ்கிரிப்ட்

பட்டறையின் பெயரை வேலன் மரப்பட்டறை என்று கற்பனையாக வைத்துக்கொள்வோம். மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஊர் ஒன்று. நான்கு குரல்கள்: மாமனார், மருமகன், மருமகனின் மனைவி, கடைசியில் பட்டறைக்காரர்.

ஒலி: படிக்கட்டில் கனமான மரச்சாமான் உரசும் சத்தம். இரண்டு ஆண்கள் மூச்சு வாங்குகிறார்கள்.

மாமனார்: மாப்ள, கொஞ்சம் சாய்ச்சுப் புடிங்க!

மருமகன்: சாய்ச்சுத்தான் மாமா புடிச்சிருக்கேன்!

ஒலி: சுவரில் மரம் மோதும் சத்தம்.

மாமனார்: இடிக்குது மாப்ள!

மனைவி (மாடியிலிருந்து): என்னங்க, மர பீரோ வாங்குறதுக்கு முன்னாடி படிக்கட்டை அளந்தீங்களா?

(ஒரு வினாடி மௌனம்)

மருமகன் (குரலைத் தாழ்த்தி): மாமா... நீங்க அளந்தீங்களா?

ஒலி: இன்ச் டேப்பை இழுத்து விடும் சத்தம். சர்ர்ர்... டக்!

பட்டறைக்காரர்: வேலன் மரப்பட்டறையில முதல்ல டேப்பு, அப்புறம்தான் ரம்பம். வீட்டுக்கே வந்து வாசல், படிக்கட்டு, ரூமு மூணையும் அளந்துட்டுத்தான் மரத்துல கை வைப்போம்.

மனைவி: அந்தப் பட்டறை எங்க இருக்கு?

பட்டறைக்காரர்: ரயில்வே கேட்டைத் தாண்டினதும், அரிசி மில்லுக்கு எதிர்ல. வேலன் மரப்பட்டறை.

ஒலி: டேப். டக்!

பேச்சு மட்டும் நாற்பத்தேழு சொல். முதல் இரண்டு வினாடி உரசல் சத்தம். ஆறாவது வினாடிக்குள் மூன்று வசனமும் முடிந்துவிடும். மனைவியின் கேள்விக்கு நான்கு வினாடி, மௌனத்துக்கும் மருமகனின் பதிலுக்கும் இரண்டு. பதின்மூன்றாவது வினாடியில் டேப் சத்தம் கேட்கும்போது பாதி நேரம்கூட முடிந்திருக்காது. மிச்சம் பதினேழு வினாடி பட்டறைக்கு. சிரிப்புக்காகக் கதையை நீட்டிவிட்டுக் கடைசி ஐந்து வினாடியில் கடைப் பெயரை அவசரமாகத் திணிப்பது பலரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் கேட்டவருக்குக் கதை நினைவிருக்கும், யாருடைய விளம்பரம் என்பது நினைவிருக்காது.

கடைப் பெயர் இரண்டே இடத்தில்தான் வருகிறது, இரண்டும் பட்டறைக்காரர் வாயிலிருந்து. மனைவி "வேலன் மரப்பட்டறை எங்க இருக்கு?" என்று கேட்டிருந்தால் மூன்றாவது தடவையும் பெயர் விழுந்திருக்கும். ஆனால் வீட்டில் யாரும் கடைப் பெயரை முழுசாகச் சொல்லிப் பேசுவதில்லை. அவர் "அந்தப் பட்டறை" என்று கேட்பதால்தான் அது பேச்சாக இருக்கிறது. வாடிக்கையாளர் வாயில் கடைப் பெயரையும் புகழ்ச்சியையும் போட்டால் அந்தக் கணமே கேட்பவருக்கு நம்பிக்கை போய்விடும்.

பேச்சுத் தமிழை எழுதுவது

பேச்சுத் தமிழ் என்றால் எழுத்துத் தமிழின் ஓரங்களை மழித்துவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். "செய்து தரப்படும்" என்பதை "செஞ்சு தரப்படும்" என்று மாற்றினால் அது இரண்டு தமிழும் இல்லாத ஒன்றாகிவிடும். பேசுகிற யாரும் "தரப்படும்" என்று சொல்வதில்லை. "தர்றோம்", "தருவோம்" என்றுதான் சொல்வார்கள். பேச்சில் எப்போதும் ஓர் ஆள் இருக்கிறார். வாக்கியத்துக்குள் அந்த ஆளைக் கொண்டுவந்துவிட்டால் உச்சரிப்பு பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

உறவுமுறையும் மரியாதையும் சொல்லின் வாலில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மாமனார் "சாய்ச்சுப் புடிங்க" என்கிறார். பெண்ணைக் கொடுத்த வீட்டில், மூச்சு வாங்கும்போதுகூட மாப்பிள்ளைக்கு "ங்க" போட்டுத்தான் பேசுவார்கள். இதையே "புடி மாப்ள" என்று எழுதியிருந்தால், கேட்பவர் இவர் தாய்மாமா போல என்றோ, கூட்டாளி போல என்றோ நினைத்துக்கொள்வார். மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் அந்த மரியாதை இருப்பதால்தான், "மாமா... நீங்க அளந்தீங்களா?" என்று பழியை மெல்ல அவர் பக்கம் தள்ளும்போது சிரிப்பு வருகிறது. குரல் கொடுப்பவர் அந்த வரியில் சத்தத்தைக் கூட்டினால் அது சண்டையாகிவிடும். இறக்கிச் சொன்னால்தான் நகைச்சுவை.

வட்டார வழக்கை எவ்வளவு தூரம் எழுதுவது? ஸ்கிரிப்டில் ஒவ்வொரு ஒலியையும் பிடித்து எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். வாக்கியத்தின் அமைப்பும் உறவுச் சொற்களும் அந்த ஊருடையதாக இருந்தால் போதும். மிச்சத்தை அந்த ஊரில் வளர்ந்த வாயிடம் விட்டுவிடலாம். நாகர்கோவில் பக்கத்து விளம்பரத்துக்குச் சென்னைக் குரலை வைத்து அந்த ஊர் வழக்கைப் பேசவைப்பது மட்டும் கூடாது. உள்ளூர்க்காரருக்கு ஒரே வசனத்தில் தெரிந்துவிடும்.

பட்டறையில் புழங்கும் சொற்களிலும் கவனம் வேண்டும். "மரச்சாமான்கள்", "அறைகலன்கள்" என்று யாரும் கடைக்குப் போய்க் கேட்பதில்லை. கட்டில், பீரோ, சோபா, டேபிள் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் பீரோவில் ஒரு சிக்கல் உண்டு. நம் வீடுகளில் பீரோ என்றால் முதலில் இரும்பு பீரோதான் நினைவுக்கு வரும். அதனால்தான் மனைவியின் வசனத்தில் "மர" என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டியிருந்தது. மோதும் சத்தத்திலும் இரும்பின் கணகணப்பு வந்துவிடக் கூடாது.

காதுக்குத் தெரியும் சத்தம், தெரியாத சத்தம்

மரப்பட்டறை என்றதும் எல்லோரும் கேட்கும் சத்தம் ரம்பமும் சுத்தியலும். ரேடியோவில் இவை இரண்டும் ஏமாற்றும். சுத்தியல் அடியைத் தனியாகக் கேட்டால் யாரோ கதவைத் தட்டுவது போலிருக்கும். இழைப்புளி ஓடும் சத்தம் பட்டறையில் இனிமையாக இருக்கும், ஒலிபெருக்கி வழியாக வந்தால் காகிதம் கிழிவது போலாகிவிடும். மின்ரம்பத்தின் சத்தம் அடையாளம் தெரியும். ஆனால் அரை வினாடிக்கு மேல் ஓடினால் கேட்பவர் ஸ்டேஷனை மாற்றிவிடுவார். கட்டில் கிறீச்சிடும் சத்தத்தை வைத்து எழுதலாமே என்று தோன்றும். அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு கேலி செய்ய ஊரே காத்திருக்கிறது.

எந்தச் சத்தத்தையும் பக்கத்தில் ஒரு வசனம் தாங்கிப் பிடிக்க வேண்டும். முதல் உரசல் என்னவென்று யாருக்கும் தெரியாது. "சாய்ச்சுப் புடிங்க" என்றதும் தெரிந்துவிடும். மோதல் சத்தத்துக்கு "இடிக்குது" துணை. எஃகு இன்ச் டேப்பை இழுத்து விட்டால் வரும் சர்ர் என்ற ஓட்டமும் கடைசி 'டக்'கும் வேறு எதையும் நினைவூட்டாது. இன்னொரு வசதியும் உண்டு. செல்போனின் சின்ன ஸ்பீக்கரிலும் ஆட்டோவின் பழைய பெட்டியிலும் தாழ்ந்த சத்தங்கள் அமுங்கிப் போகும், கூரான சத்தங்கள் தப்பித்துக்கொள்ளும். 'டொம்' என்ற மோதல் பாதி கேட்கும். டேப் சத்தம் முழுதாகக் கேட்கும். அதனால்தான் பட்டறையின் அடையாள ஒலியாக அதை வைத்தோம்.

ஒலிப்பதிவில் செலவில்லாத சில உத்திகள் இருக்கின்றன. மூச்சு வாங்குவதை நடிக்கச் சொல்ல வேண்டாம். இருவர் கையிலும் கனமான நாற்காலி ஒன்றைக் கொடுத்துத் தூக்கியபடி பேசச் சொன்னால் குரலில் பாரம் தானாக வந்துவிடும். மனைவியாகப் பேசுபவரை மைக்கிலிருந்து நாலடி தள்ளி நிற்க வைத்தால் மாடியிலிருந்து கேட்பது போலிருக்கும். கடைசியில் "அந்தப் பட்டறை எங்க இருக்கு?" என்று கேட்கும்போது மட்டும் அவர் மைக்குக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும்.

பட்டறைக்காரர் குரலுக்கு அறிவிப்பாளரை வைப்பதா, முதலாளியே பேசுவதா? முதலாளி பேசினால் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போகிறவருக்கு அதே குரல் அங்கே கிடைக்கும். ஆனால் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் பள்ளிக்கூடப் பையன் ஒப்பிப்பது போல ஆகிவிடும். தாளை வாங்கி வைத்துவிட்டு, "ஒரு பீரோ ஆர்டர் கொடுத்தா முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்க வேண்டும். நாலைந்து தடவை கேட்டுப் பதிவு செய்தால், அவர் வாயிலிருந்தே நமக்கு வேண்டிய வாக்கியம் ஒரு தடவை இயல்பாக விழும். அதை வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

பின்னணிக்குச் சினிமாப் பாட்டின் மெட்டைப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த மெட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார். நிலையம் பாட்டு ஒலிபரப்ப வாங்கியிருக்கும் அனுமதி நம் விளம்பரத்துக்குச் செல்லாது. இந்த ஸ்கிரிப்டுக்கு இசையே தேவையில்லை. சுற்றிலும் பாட்டாக ஓடும் பண்பலையில், பாட்டில்லாமல் ஒரு படிக்கட்டுச் சத்தம் வந்தாலே காது திரும்பும்.

சொன்னதைச் செய்ய முடியுமா?

ஸ்கிரிப்டில் "இலவசமா அளவெடுப்போம்" என்று இல்லை. "ஏழே நாளில் டெலிவரி" என்றும் இல்லை. தெரிந்துதான் விட்டது. இரண்டு ஆசாரிகள் உள்ள பட்டறையில் ஒரே வாரத்தில் ஐந்து பீரோ ஆர்டர் வந்தால் ஏழு நாள் வாக்கு உடைந்துவிடும். இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் இலவசமாக அளவெடுக்க வரச் சொன்னால் பெட்ரோல் காசு கையைக் கடிக்கும். "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று வேகமாகச் சொல்லி இரண்டு வினாடியை வீணாக்குவதைவிட, நிபந்தனை தேவைப்படாத வாக்கை மட்டும் கொடுப்பது நல்லது.

"நூறு சதவீதம் தேக்கு" என்பதும் அப்படித்தான். வெளிப் பலகை தேக்காகவும் பின்பக்கம் பிளைவுட்டாகவும் இருப்பது பட்டறைகளில் சாதாரணம். அதில் தவறில்லை, ஆனால் நூறு சதவீதம் என்று சொன்னால் தவறு. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். சின்னப் பட்டறையைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தாலும், ஏமாந்த வாடிக்கையாளர் ஒருவர் அதே தெருவில்தான் இருப்பார்.

எங்கே, எப்போது ஒலிக்க வேண்டும்?

வானொலி விளம்பரம் நமக்குப் புதிதில்லை. விவித பாரதியில் 1967 நவம்பரில் விளம்பரங்கள் தொடங்கின. அதற்கு முன்பே இலங்கை வானொலியின் வர்த்தக சேவை வழியாகத் தமிழகத்து வீடுகளுக்குள் விளம்பரம் வந்துவிட்டது. அவையெல்லாம் ஊர் ஊராக விற்கும் சோப்புக்கும் பற்பசைக்கும் பொருந்தும். மரப்பட்டறைக்கு வாடிக்கையாளர் வருவது மிஞ்சிப்போனால் ஐந்தாறு கிலோமீட்டருக்குள்ளிருந்து. கொடைக்கானல் பண்பலை போலப் பல மாவட்டங்களில் கேட்கும் நிலையத்தில் விளம்பரம் கொடுத்தால், பட்டறைக்கு ஒருநாளும் வர முடியாத லட்சக்கணக்கானவர்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறோம்.

பக்கத்தில் சமுதாய வானொலி இருந்தால் அதுதான் அளவான சட்டை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-ல் தொடங்கிய அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி. அதன் பின் தமிழகத்தில் இப்படிப் பல நிலையங்கள் வந்துவிட்டன. இவற்றின் ஒலிபரப்புத் திறன் 100 வாட் அளவுக்குள்தான் இருக்கும், சுமார் பத்து கிலோமீட்டர் சுற்றளவில் கேட்கும். உள்ளூர் விளம்பரம் வாங்கவும் அவற்றுக்கு அனுமதி உண்டு.

காலமும் முக்கியம். ஆடியில் கல்யாணமோ கிருகப்பிரவேசமோ செய்யமாட்டார்கள், அதனால் விளம்பரம் வேண்டாம் என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. ஆவணியில் பால் காய்ச்சப்போகும் வீட்டுக்கு ஆடி நடுவிலேயே அளவெடுத்தால்தான் பீரோ தயாராகும். தைக்கு மார்கழியில் சொல்ல வேண்டும். ஷோரூம்காரர் தள்ளுபடியைப் பண்டிகை வாரத்தில் சொல்லலாம். செய்து கொடுக்கும் பட்டறைக்காரர் ஒரு மாதம் முந்திக்கொள்ள வேண்டும்.

முழு விளம்பரம் இரண்டு வாரம் ஓடிய பிறகு அதையே பத்து வினாடியாகச் சுருக்கலாம். மனைவியின் கேள்வி: "என்னங்க, மர பீரோ வாங்குறதுக்கு முன்னாடி படிக்கட்டை அளந்தீங்களா?" டேப் சத்தம். பட்டறைக்காரர்: "முதல்ல டேப்பு, அப்புறம்தான் ரம்பம். வேலன் மரப்பட்டறை, அரிசி மில் எதிர்ல." பதினாறு சொல். மாமனாரும் மருமகனும் படியில் மாட்டிக்கொண்ட கதையை, ஏற்கெனவே கேட்டவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். காசு மூன்றில் ஒரு பங்காகிவிடும், அதே பணத்துக்கு மூன்று மடங்கு தடவை ஒலிக்கும். ஆனால் பத்து வினாடியை முதலிலேயே போட்டால் இது பலிக்காது.

பலன் கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், "நம்ம பட்டறை எப்படித் தெரியும்?" என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். "ரேடியோவுல கேட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் பாதிப் பலன். "படிக்கட்டை அளக்கிற கடைதானே?" என்று கேட்டால் முழுப் பலன். "ஏதோ காமெடியா ஒண்ணு வருமே" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்க ஷோரூமுக்குப் போனால், கதை ஜெயித்திருக்கிறது, பட்டறை தோற்றிருக்கிறது. அப்போது கதையைக் குறைத்து டேப் சத்தத்தை இன்னும் முன்னால் கொண்டுவர வேண்டும்.

பட்டறை வைத்திருப்பவர்கள் ஸ்கிரிப்டை நிலையத்துக்குக் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, வீட்டில் உள்ள ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். முப்பது வினாடியைத் தாண்டினால் சொல்லைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். பிறகு அவரிடம் கடை எங்கே இருக்கிறது, என்ன செய்து தருகிறார்கள் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.